விடுப்புக் காலத்தில் கட்டாத வட்டி: 6 லட்சம் கடன் 8.55 லட்சமாக நிற்பது சரியா?

கேள்வி: மகனின் பொறியியல் படிப்புக்காக ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வீதம் நான்கு ஆண்டுகளில் 6 லட்சம் ரூபாய் கல்விக் கடன் வாங்கினோம். வட்டி 10 சதவீதம். வேலைக்குப் போன பிறகு கட்டினால் போதும் என்று வங்கியில் சொன்னதால் இடையில் ஒரு ரூபாய்கூட வட்டி கட்டவில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு ஆகப்போகிறது. இப்போது வந்திருக்கும் கடிதத்தில் நிலுவை 8,55,485 ரூபாய் என்றும், அடுத்த மாதம் முதல் 10 ஆண்டுகளுக்கு மாதம் 11,305 ரூபாய் கட்ட வேண்டும் என்றும் உள்ளது. மகனுக்குக் கையில் வரும் சம்பளம் 24,000 ரூபாய். சீட்டு எடுத்த பணம் ஒரு லட்சம் என்னிடம் இருக்கிறது. வட்டி கட்டாததால் நாங்கள் தவணை தவறியவர்களாகி விட்டோமா? இந்தக் கணக்கு சரிதானா? அந்த ஒரு லட்சத்தைக் கட்டிவிடலாமா, அல்லது 15 ஆண்டுகளாக மாற்றித் தரும்படி கேட்கலாமா?
– ஒரு தந்தை, ஈரோடு

பதில்: மதிப்புக்குரிய ஐயா,

உங்கள் முதல் கவலையை முதலில் தீர்த்துவிடுகிறேன். நீங்கள் தவணை தவறவில்லை. படிப்புக் காலமும் அதற்குப் பிறகான ஓராண்டும் சேர்ந்ததைத்தான் வங்கியில் மாரட்டோரியம் என்கிறார்கள். தமிழில் விடுப்புக் காலம் என்று சொல்லலாம். அந்தக் காலத்தில் வட்டி ஒவ்வொரு மாதமும் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தாலும், அதைச் செலுத்த வேண்டிய நாள் விடுப்புக் காலம் முடிந்த பிறகே வருகிறது. செலுத்தும் நாளே வராத தொகையைச் செலுத்தாமல் இருந்ததற்காகக் கணக்கை வாராக்கடன் என்று வகைப்படுத்தவோ, உங்கள் மகனின் சிபில் அறிக்கையில் தாமதம் என்று பதியவோ கூடாது. அப்படி ஏதேனும் பதிவாகியிருந்தால் அது வங்கியின் தவறு. எழுத்தில் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம்.

கணக்கு சரிதானா என்ற கேள்வியில்தான் நீங்கள் நிதானமாக நின்று பார்க்க வேண்டியது இருக்கிறது. இந்திய வங்கிகள் சங்கம் வகுத்துள்ள மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தின்படி, விடுப்புக் காலம் முழுவதும் தனி வட்டி மட்டுமே கணக்கிட வேண்டும். அதாவது வட்டிக்கு வட்டி கிடையாது. பொதுத்துறை வங்கிகள் பெரும்பாலும் இந்தத் திட்டத்தின் அடிப்படையிலேயே கல்விக் கடன் தருகின்றன. உங்களுடைய கடனும் அப்படிப்பட்டதுதானா என்பதை, கடன் வாங்கியபோது கொடுத்த அனுமதிக் கடிதத்தில் வட்டி பற்றிய பத்தி சொல்லிவிடும். அங்கே ‘விடுப்புக் காலத்தில் தனி வட்டி’ என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சில தனியார் வங்கிகளும் வங்கிசாரா நிதி நிறுவனங்களும் மாதந்தோறும் கூட்டு வட்டி என்றே ஒப்பந்தம் எழுதுகின்றன. அப்படி எழுதியதில் நீங்கள் கையெழுத்திட்டிருந்தால் அடுத்து நான் சொல்லும் வாதம் செல்லாது.

தனி வட்டி என்றால் உங்கள் கணக்கு எவ்வளவு எளிது என்று பாருங்கள். முதல் ஆண்டில் வாங்கிய ஒன்றரை லட்சம் ஐந்து ஆண்டுகள் வங்கியின் பணமாக உங்களிடம் இருந்திருக்கிறது. அதற்கு ஆண்டுக்கு 15,000 வீதம் 75,000 ரூபாய் வட்டி. இரண்டாம் ஆண்டு வாங்கியதற்கு நான்கு ஆண்டு வட்டி 60,000. மூன்றாவதற்கு 45,000. நான்காவதற்கு 30,000. நான்கையும் கூட்டினால் 2,10,000 ரூபாய். ஆகவே, வட்டி விகிதம் இடையில் மாறாமல் இருந்திருந்தால், தவணை தொடங்கும் நாளில் உங்கள் நிலுவை 8,10,000 ரூபாயாக இருக்க வேண்டும். வங்கி சொல்லும் தொகை அதைவிட 45,485 ரூபாய் அதிகம்.

இந்த 45,485 எங்கிருந்து வந்தது என்பதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. அதே நான்கு தொகைகளுக்கு 10 சதவீத வட்டியை மாதந்தோறும் அசலோடு சேர்த்து, அடுத்த மாதம் அந்தக் கூட்டுத் தொகையின்மீது மறுபடி வட்டி போட்டுக்கொண்டே போனால், ஐந்தாம் ஆண்டின் முடிவில் மிகச் சரியாக 8,55,485 ரூபாய் வருகிறது. உங்கள் கணக்கில் தனி வட்டிக்குப் பதிலாகக் கூட்டு வட்டி ஓடியிருக்கிறது என்று கருத இது வலுவான காரணம். முதல் ஆண்டில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது; 15,000 ரூபாய்க்குப் பதில் 15,707 என்று இருந்திருக்கும். அதனால்தான் பெற்றோர்கள் இதைக் கவனிப்பதில்லை. நிலுவைத் தொகை பெரிதாகும்போது அது தானாகவே வேகம் பிடிக்கிறது.

இதை உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு வழி உண்டு. அதற்குக் கால்குலேட்டர்கூடத் தேவையில்லை. வங்கியில் கடன் கணக்கின் ஸ்டேட்மென்டை முதல் நாளிலிருந்து இன்றுவரை அச்சிட்டு வாங்குங்கள். நான்காவது தொகையைப் பெற்ற பிறகு நீங்கள் புதிதாக எதுவும் வாங்கவில்லை. எனவே அதற்குப் பிந்தைய இரண்டு ஆண்டுகளில் அசல் 6 லட்சமாகவே நிற்கிறது. தனி வட்டியாக இருந்தால் அந்த இரண்டு ஆண்டுகளிலும் மாத வட்டி ஏறாமல் 5,000 ரூபாயைச் சுற்றியே இருக்கும். மாதத்தின் நாள்களுக்கு ஏற்ப 31 நாள் மாதத்தில் ஏறக்குறைய 5,096, பிப்ரவரியில் 4,603 என்று சற்றே கூடிக் குறையும். கூட்டு வட்டியாக இருந்தால் மாதத்துக்கு மாதம் வட்டி ஏறிக்கொண்டே போய், கடைசி மாதத்தில் 7,070 ரூபாயை ஒட்டி நிற்கும். கடைசி மாத வட்டி 5,000 பக்கமா, 7,000 பக்கமா என்று பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

ஆனாலும் வங்கியிடம் போவதற்கு முன் நியாயமான வேறு காரணங்கள் இரண்டையும் விலக்கிக்கொள்ளுங்கள். ஒன்று, வட்டி விகித மாற்றம். கல்விக் கடன்கள் பெரும்பாலும் மாறும் வட்டியில் தரப்படுபவை. ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 2022 மே மாதம் 4 சதவீதத்திலிருந்து ஏறத் தொடங்கி 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதத்தைத் தொட்டது; அந்தக் காலத்தில் கடன் நிலுவையில் வைத்திருந்த பலருக்கு விகிதம் உயர்ந்தது. உங்கள் விகிதம் 12 சதவீதம்வரை ஏறியிருந்தாலும், 6 லட்சத்துக்கு மாத வட்டி 6,000 ரூபாய்தான். மாதம் 7,070 ரூபாய் வட்டி வர வேண்டுமென்றால் விகிதம் 14 சதவீதத்துக்கு மேல் போயிருக்க வேண்டும். இரண்டாவது காரணம் காப்பீடு. கடன் வாங்குபவரின் உயிருக்கு ஆயுள் காப்பீடு எடுத்து, அதன் பிரீமியத்தையும் கடனோடு சேர்த்துவிடும் வழக்கம் உண்டு. அப்படியானால் ஸ்டேட்மென்டில் கல்லூரிக்கு அனுப்பாத ஒரு பற்று தனியாகத் தெரியும்.

நான் வங்கியில் கடன் பிரிவில் பணியாற்றிய ஆண்டுகளில் இத்தகைய பிழையை ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்கிறேன். ஒரு கிளையில், கல்விக் கடனைக் கணினியில் திறந்தபோது கல்விக் கடனுக்குரிய குறியீட்டுக்குப் பதிலாகச் சாதாரணத் தவணைக் கடனின் குறியீட்டைத் தட்டிவிட்டார்கள். கணினி தனக்குத் தெரிந்தபடி மாதாமாதம் வட்டியை அசலோடு சேர்த்துக்கொண்டே இருந்தது. ஐந்து ஆண்டுகள் யாரும் தவணை கேட்கவில்லை, யாரும் கணக்கைத் திறந்து பார்க்கவுமில்லை. யாரும் வஞ்சகமாகச் செய்த காரியமல்ல அது. ஆனால் அந்தக் குடும்பத்துக்கு நேர்ந்த நட்டம் உண்மையானது. உங்கள் விஷயத்தில் அந்த 45,485 ரூபாய் மட்டும் அல்ல நட்டம். அது அசலோடு சேர்ந்துவிட்டால், 10 ஆண்டுத் தவணையில் மாதம் 601 ரூபாய் அதிகமாகி, மொத்தத்தில் ஏறக்குறைய 72,000 ரூபாயை நீங்கள் கூடுதலாகக் கட்டியிருப்பீர்கள்.

எனவே கிளை மேலாளருக்கு எழுத்தில் ஒரு விண்ணப்பம் கொடுங்கள். கணக்கு எண், நான்கு தொகைகளும் பெற்ற தேதிகள், அனுமதிக் கடிதத்தில் தனி வட்டி பற்றி உள்ள வாசகம், மேலே காட்டிய 2,10,000 ரூபாய்க் கணக்கு ஆகியவற்றை எழுதி, விடுப்புக் காலத்து வட்டியைத் தனி வட்டியாக மறுகணக்கிட்டு, கூடுதலாகப் பற்று வைத்ததைத் திரும்ப வரவு வைத்து, புதிய தவணை அட்டவணை தருமாறு கேளுங்கள். விண்ணப்பத்தின் நகலில் தேதியுடன் கிளை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகக் கேட்டு, ‘கணினி போடுவதுதான், எங்கள் கையில் இல்லை’ என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். கணினியில் பதிந்த வட்டியைத் திருத்த வங்கிக்கு வழி உண்டு.

அதே விண்ணப்பத்தில் இன்னொன்றையும் கேளுங்கள். கடன் வாங்கியபோது உங்கள் குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்து, மகன் படித்த கல்லூரி நாக் அங்கீகாரம் பெற்றதாகவோ, படிப்பு என்பிஏ அங்கீகாரம் பெற்றதாகவோ இருந்திருந்தால், மத்திய அரசின் வட்டி மானியத் திட்டத்தின்கீழ் விடுப்புக் காலத்து வட்டி முழுவதையும் அரசே வங்கிக்குச் செலுத்தியிருக்க வாய்ப்பு இருந்தது. 2009-10 கல்வியாண்டு முதல் நடைமுறைக்கு வந்த திட்டம் அது. வட்டாட்சியரிடம் வருமானச் சான்று வாங்கிக் கொடுத்தீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். கொடுத்திருந்தால், வங்கி மானியம் கோரியதா, கோரியது எந்தெந்த ஆண்டுகளுக்கு வந்தது என்று கேளுங்கள். வந்திருந்தால் அது கணக்கில் வரவாகத் தெரிய வேண்டும். சான்று கொடுத்தும் கிளை கோராமல் விட்டிருந்தால், அதையும் புகாராக எழுதுங்கள். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு இதை மீட்பது கடினம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் 2,10,000 ரூபாய் சம்பந்தப்பட்ட கேள்வியை ஒரு வரியில் கேட்டுவிடுவதில் நட்டமில்லை.

இனி, கணக்கு 8,10,000 ரூபாய்க்குத் திருத்தப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொண்டு மேலே பேசுகிறேன். தவணை தொடங்கும் நாளில் கடனின் இயல்பே மாறுகிறது என்பதைப் பலர் உணர்வதில்லை. அதுவரை 6 லட்சம் அசலாகவும் 2,10,000 வட்டியாகவும் தனித்தனியே நின்றன. வட்டிப் பகுதி எவ்வளவு நாள் கிடந்தாலும் வளரவில்லை. அன்றைய தினம் இரண்டும் ஒன்றாகி 8,10,000 என்ற ஒரே அசலாகிவிடுகிறது. அன்றிலிருந்து அந்த முழுத் தொகைக்கும் மாதந்தோறும் குறைந்துவரும் நிலுவையின் அடிப்படையில் வட்டி ஓடுகிறது. 10 ஆண்டுகள் என்றால் மாதத் தவணை 10,704 ரூபாய். முதல் மாதத் தவணையில் 6,750 ரூபாய் வட்டிக்குப் போய்விடும். அசலில் குறைவது 3,954 ரூபாய் மட்டுமே. மகன் ஒருவேளை, கையில் இருப்பது இவ்வளவுதான் என்று மாதம் 6,500 ரூபாய் கட்டிவந்தால், அது வட்டிக்கே போதாது. கட்டிக்கொண்டிருக்கும்போதே கடன் வளரும். இந்த 6,750 என்ற எண்ணை மகன் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

வட்டி அசலாக மாறுவதன் சுமையை இப்படிப் பார்த்தால் எளிதில் விளங்கும். நீங்கள் கல்லூரிக்கென்று வாங்கியது 6 லட்சம். 10 ஆண்டுத் தவணையில், நிலுவை மறுபடி அந்த 6 லட்சத்துக்கு இறங்கி வரவே ஏறக்குறைய 44 தவணைகள், அதாவது மூன்று ஆண்டு எட்டு மாதங்கள் ஆகும். அதற்குள் 4.7 லட்சம் ரூபாய் கட்டியிருப்பீர்கள். 15 ஆண்டு என்று எடுத்துக்கொண்டால் மாதத் தவணை 8,704 ரூபாய்க்குக் குறையும். ஆனால் நிலுவை 6 லட்சத்துக்கு வர 77 மாதங்கள், ஆறு ஆண்டுக்கும் மேல் ஆகும். மொத்தமாகக் கட்டும் தொகை 10 ஆண்டில் 12.85 லட்சம், 15 ஆண்டில் 15.67 லட்சம். மாதம் 2,000 ரூபாய் குறைவதற்கு விலை 2.82 லட்சம்.

இதைப் பார்த்து 15 ஆண்டு வேண்டாம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். 24,000 ரூபாய் சம்பளத்தில் 10,704 ரூபாய் கட்டுவது என்பது சம்பளத்தில் 45 சதவீதம். வெளியூரில் அறை வாடகை, சாப்பாடு, போக்குவரத்து போக மிச்சம் இருக்காது. ஒரு மாதம் உடல்நலம் சரியில்லாமல் போனாலும் தவணை நிற்கும். தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையானால் கணக்கு வாராக்கடனாகிவிடும். அது மகனின் பெயரை மட்டுமல்ல, இணைக் கடன்தாரரான உங்கள் பெயரையும் பாதிக்கும். ஆகவே என் யோசனை, ஒப்பந்தத்தில் 15 ஆண்டு, நடைமுறையில் அதைவிட மிகக் குறைவு என்பதுதான். மாறும் வட்டியில் உள்ள தனிநபர் கடனை முன்கூட்டிக் கட்டினால் வங்கி அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நீண்ட காலத்தை ஒப்புக்கொண்டு, முடிந்த மாதங்களில் கூடுதலாகக் கட்டுவதற்கு அதனால் தடை இல்லை. மாதிரித் திட்டம் 15 ஆண்டுவரை திருப்பிச் செலுத்தும் காலத்தை அனுமதிக்கிறது. இதை முதல் தவணை விழுவதற்கு முன்பே கேட்பது எளிது. இரண்டு தவணை தவறிய பிறகு போய்க் கேட்டால், சிரமத்தில் உள்ள கடனை மறுசீரமைப்பதாக வங்கி கருதக்கூடும். அது சிபில் அறிக்கையிலும் தடம் விடும்.

உங்களிடம் உள்ள ஒரு லட்சத்தைப் பொறுத்தவரை, முழுவதையும் கட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 70,000 ரூபாயைக் கட்டுங்கள்; 30,000 ரூபாயை மகனின் தவணைக்கென்றே தனிச் சேமிப்புக் கணக்கில் வைத்திருங்கள். அது ஏறக்குறைய நான்கு மாதத் தவணை. வேலை மாறும்போது நடுவில் சம்பளம் வராத மாதங்களுக்கு அது போதும். 70,000 ரூபாய் கட்டினால் நிலுவை 7,40,000 ஆகிறது. 15 ஆண்டுக்கு மாதத் தவணை 7,952 ரூபாய். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. முதல் இரண்டு ஆண்டுகள் அதை மட்டும் கட்டட்டும். மூன்றாம் ஆண்டு முதல், சம்பள உயர்வில் 3,000 ரூபாயைச் சேர்த்து மாதம் 10,952 ரூபாய் கட்ட முடிந்தால், கடன் 180 மாதங்களுக்குப் பதில் 115 மாதங்களில், அதாவது ஒன்பதரை ஆண்டில் முடிந்துவிடும். இவையெல்லாம் வட்டி 10 சதவீதமாகவே நின்றால் வரும் எண்கள். விகிதம் மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று வங்கி உங்களிடம் கேட்க வேண்டும் என்பது 2023 ஆகஸ்டு மாதம் ரிசர்வ் வங்கி பிறப்பித்த உத்தரவு. காலத்தை நீட்டுவது மட்டுமே தானாக நடந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூடுதலாகக் கட்டும் பணத்தில் ஒரு சிக்கல் உண்டு. சில கிளைகளில் அதை அசலில் கழிக்காமல், வரப்போகும் மாதங்களின் தவணைக்கு முன்பணமாக வைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ‘இது பகுதி முன்செலுத்தல், அசலில் கழித்து, தவணைத் தொகையை மாற்றாமல் காலத்தைக் குறைக்கவும்’ என்று எழுதிக் கொடுங்கள். அடுத்த மாத ஸ்டேட்மென்டில் வட்டி குறைந்திருக்கிறதா என்று பார்த்தால் சரியாகச் செய்தார்களா என்று தெரிந்துவிடும்: 10,000 ரூபாய் அசலில் கழிந்தால் மாத வட்டி 83 ரூபாய் குறைய வேண்டும்.

அந்த 70,000 ரூபாயைத் தவணை தொடங்கும் நாளுக்கு முன்பா, பின்பா கட்டுவது என்று நீங்கள் கேட்கக்கூடும். ஓரிரு நாள் முன்பின் என்றால் நிலுவையில் வேறுபாடு இல்லை. ஆனாலும் முன்பே கட்டுங்கள். முன்பு கட்டினால் அது விடுப்புக் கால வட்டியைச் செலுத்தியதாகவே வட்டிச் சான்றிதழில் வரும். வட்டி அசலாக மாறிய பிறகு கட்டினால் அசலில் கழித்ததாகக் காட்டிவிடுவார்கள். வருமான வரியில் கல்விக் கடனின் வட்டிக்கு மட்டுமே கழிவு உண்டு, அசலுக்கு இல்லை. அதுவும் பழைய வரிமுறையில், வட்டி கட்டத் தொடங்கும் ஆண்டு உட்பட 8 ஆண்டுகளுக்கு மட்டும். உங்கள் மகனின் இன்றைய சம்பளத்துக்கு வரியே வராது என்பதால் இதற்காகத் திட்டத்தை மாற்ற வேண்டியதில்லை.

இன்னும் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் இதைப் படிப்பார்கள் என்பதால், படிக்கும்போதே வட்டி கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் இங்கே சொல்கிறேன். உங்கள் கடனில் அது முதல் ஆண்டில் மாதம் 1,250 ரூபாய், இரண்டாம் ஆண்டில் 2,500, மூன்றாம் ஆண்டில் 3,750, கடைசி இரண்டு ஆண்டுகளில் 5,000. கூட்டினால் அதே 2,10,000 தான். ஆனால் அது அசலாக மாறி 10 ஆண்டு வட்டி சுமந்திருக்காது. அதனால் மிச்சமாகியிருக்கக்கூடியது 1,23,000 ரூபாய். விடுப்புக் காலத்தில் ஒழுங்காக வட்டி கட்டுபவர்களுக்கு வட்டி விகிதத்தில் 1 சதவீதம் சலுகை தரவும் மாதிரித் திட்டத்தில் இடமுண்டு. உங்கள் வங்கி தருகிறதா என்று கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். மாதாமாதம் கட்ட முடியாமல், எப்போதாவது கையில் சேரும் 20,000, 30,000 ரூபாயை மட்டும் கட்ட நினைப்பவர்கள் ஒன்றை அறிந்திருப்பது நல்லது. இடையில் கட்டும் பணத்தை வங்கி முதலில் சேர்ந்துள்ள வட்டியில்தான் கழிக்கும். தனி வட்டிக் காலத்தில் அந்த வட்டி எப்படியும் வளராது என்பதால், சலுகை இல்லாத கடனில் அந்தப் பணத்தை வைப்புநிதியில் போட்டுவைத்து, வட்டி அசலோடு சேரும் நாளுக்குச் சற்று முன்பு கட்டினாலும் கடனில் அதே பலன் கிடைக்கும். வைப்புநிதியின் வட்டி கூடுதல் வரவு. கூட்டு வட்டி என்று ஒப்பந்தம் எழுதிய கடன்களுக்கு இது பொருந்தாது. அங்கே ஒவ்வொரு மாதமும் தாமதத்துக்கு விலை உண்டு.

உங்கள் விண்ணப்பத்துக்கு வங்கி பதில் தரும்வரை தவணையை நிறுத்தி வைக்காதீர்கள். கணக்கில் தகராறு இருப்பது தவணை தவறுவதற்குக் காரணமாக ஏற்கப்படாது. திருத்தம் வரும்வரை வங்கி கேட்கும் தவணையையே கட்டிக்கொண்டு, ‘மறுகணக்கீட்டுக்கான எனது உரிமைக்கு உட்பட்டுச் செலுத்துகிறேன்’ என்று விண்ணப்பத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். திருத்திய பிறகு அதிகமாகக் கட்டியது அசலில் கழிய வேண்டும். கிளையில் பதில் இல்லையென்றால் வங்கியின் மண்டல அலுவலகத்துக்கு நகலை அனுப்புங்கள். புகார் கொடுத்து 30 நாள்கள் ஆகியும் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, cms.rbi.org.in என்ற தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். அனுமதிக் கடிதம், முழு ஸ்டேட்மென்ட், முத்திரையிட்ட விண்ணப்ப நகல் ஆகிய மூன்றையும் இணைத்து, கடைசி மாத வட்டி 5,000 ரூபாயாக இருக்க வேண்டியது 7,070 ஆக இருக்கிறது என்ற ஒரே விஷயத்தை முன்னிறுத்தி எழுதுங்கள்.